பெயர் கெட்டு விலகும் சகாவுக்கு வழியனுப்பு மெயில்: எதை எழுதலாம், எதை விடலாம்?

வாசகர் கேள்வி

என் டீமில் சீனியர் ஒருவர் வரும் வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுப் போகிறார். ஆறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து சீட், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். டூர் பில்களில் முறைகேடு என்று மூன்று மாதம் விசாரணை நடந்தது. இறுதி ஆர்டர் வருவதற்கு முன்னால் அவரே ராஜினாமா கொடுத்தார், நிர்வாகமும் ஏற்றுக்கொண்டது. டீமில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், மீதிப் பேருக்கு அரைகுறையாக. பில்லை முதலில் கவனித்து மேலே சொன்ன பெண் எனக்கு இரண்டு சீட் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது மேனேஜர், "உனக்குத்தானே நெருக்கம், டீம் சார்பில் ஒரு மெயில் எழுது, கார்டிலும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடு" என்கிறார். அதிகம் புகழ்ந்தால் தப்பா? நடந்ததைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால் அது பொய் ஆகாதா? அவரே ராஜினாமா செய்ததால் குற்றம் நிரூபணம் ஆகவில்லைதானே, அதைச் சூசகமாகவாவது சொல்லலாமா? என் வரைவு இது:

"அன்புள்ள அண்ணா, சொந்தக் காரணங்களுக்காக எங்களை விட்டுப் பிரிகிறீர்கள். உங்களைப் போல நேர்மையான, எல்லோரும் நம்பக்கூடிய மனிதரை இந்த அலுவலகம் இனிப் பார்க்கப்போவதில்லை. கடந்த சில மாதங்கள் உங்களுக்கு எப்படி இருந்தன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உண்மை ஒருநாள் வெளியே வரும். நீங்கள் எங்கே போனாலும் உங்களுக்காகச் சொல்ல நாங்கள் தயார். இந்தக் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கும்."

பதில்

உங்கள் வரைவில் இரண்டு கடிதங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று டீம் பேசுவது, இன்னொன்று நீங்கள் பேசுவது. "அன்புள்ள அண்ணா" என்பது உங்கள் குரல். "எங்கள் எல்லோருக்கும் தெரியும்" என்கிற இடத்தில் அந்தக் குரலைப் பத்துப் பன்னிரண்டு பேர் வாயில் வைத்துவிட்டீர்கள், அதில் பில்லைக் கவனித்த அந்தப் பெண்ணும் ஒருத்தி. முதல் வேலை இதைப் பிரிப்பதுதான். டீம் மெயில் சின்னதாக, எல்லோரும் கூசாமல் கையெழுத்துப் போடக்கூடியதாக இருக்கட்டும். உங்கள் ஆறு வருட நட்புக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். பிரித்துவிட்டால் நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அப்போதே பதில் கிடைத்துவிடும்.

நான் எச்.ஆர். வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன், உள்விசாரணைகள் நடத்தியவன். விசாரணை அறிக்கையை விட வழியனுப்பு மெயிலால் அதிகம் மனக்கசப்பு வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். விசாரணை அறிக்கையை நாலு பேர்தான் படிப்பார்கள், இதை எல்லோரும் படிப்பார்கள், அதுவும் வரிக்கு வரி.

எழுதுவதற்கு முன்னால் இரண்டு பேரிடம் கேளுங்கள்

முதலில் எச்.ஆரிடம். ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளும்போது, "வெளியே இப்படித்தான் சொல்வோம்" என்று இரு தரப்பும் ஒரு வாசகத்தை ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கலாம். இந்த மாதிரி விலகல்களில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். ஒருவரை ஒருவர் குறை சொல்லக்கூடாது என்ற நிபந்தனையும் கூடவே இருக்கலாம். அப்படி ஒன்று இருந்தால் உங்கள் மெயில் அதற்கு முரணாக ஒரு வார்த்தை கூடப் பேசக்கூடாது. நீங்கள் நல்லெண்ணத்தில் எழுதிய வரியால் அவருக்கே சிக்கல் வரும். எச்.ஆரிடம் காரணத்தைத் துருவ வேண்டாம், சொல்லவும் மாட்டார்கள். "டீம் சார்பில் மெயில் போடச் சொல்லியிருக்கிறார்கள், ஒப்புக்கொண்ட வாசகம் ஏதாவது இருக்கிறதா, வரைவை ஒருதரம் பார்த்துத் தருகிறீர்களா" என்று மட்டும் கேளுங்கள், அதையும் மெயிலில் கேளுங்கள். பின்னால் யாராவது கேட்டால் நீங்களாகச் செய்யவில்லை என்பதற்கு அது கையில் இருக்கும்.

அப்புறம் அவரிடமே கேளுங்கள். இதை யாருமே செய்வதில்லை, ஏனென்றே தெரியவில்லை. மெயில், கார்டு, எல்லோரும் சுற்றி நின்று கைதட்டுவது எல்லாம் போகிறவருக்குச் சந்தோஷம் என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். மூன்று மாதம் விசாரணை அறைக்குப் போய் வந்த மனிதருக்கு, அதே முகங்களுக்கு நடுவில் நின்று சிரிப்பது தண்டனையாகக்கூட இருக்கலாம். "அண்ணா, வெள்ளிக்கிழமை டீம் சார்பில் ஒரு சின்ன மெயில் போடலாமா, வேண்டாமா, உங்கள் இஷ்டம்" என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் மேனேஜரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் வற்புறுத்த வேண்டியதில்லை.

ராஜினாமா என்றால் என்ன அர்த்தம்

இதில் உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அவராகவே விலகியதால் குற்றமற்றவர் என்று ஆகிவிடாது. ஒப்புக்கொண்டார் என்றும் ஆகிவிடாது. ஆர்டர் வரும்வரை காத்திருந்தால் பணிநீக்கம் என்று பதிவாகிவிடுமோ என்ற பயத்தில் போகிறவர்கள் உண்டு, தப்பே செய்யாமல் சலித்துப்போய்ப் போகிறவர்களும் உண்டு. அவர் விலகியதும் விசாரணை அத்தோடு நின்றதா, அறிக்கை முடிந்து ஃபைலில் இருக்கிறதா என்பது அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது, உங்களுக்கு அது தெரியாது. அறிக்கையை நீங்கள் படிக்கவில்லை, பில்களையும் பார்க்கவில்லை. ஆகவே எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லும் தகுதி உங்கள் மெயிலுக்குக் கிடையாது. சூசகமாகச் சொன்னாலும் தீர்ப்பு தீர்ப்புதான். சொல்லப்போனால் சூசகம்தான் மோசம், படிக்கிறவர்கள் ஆளுக்கொரு விதமாக அதை நிரப்பிக்கொள்வார்கள்.

"ஒன்றும் சொல்லாவிட்டால் பொய்யா" என்கிறீர்கள். இல்லை. வழியனுப்பு மெயில் காரணம் சொல்லும் இடமே இல்லை. சும்மா இருப்பது பொய் ஆகாது, பொய்க் காரணத்தை எழுதுவதுதான் பொய்.

உங்கள் வரைவை வரி வரியாகப் பார்ப்போம்

"சொந்தக் காரணங்களுக்காக." பாதிப் பேருக்கு விஷயம் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் இந்த வரியைப் படித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அதுவரை தெரியாமல் இருந்த மீதிப் பேர் "ஏன் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். மறைக்கப் போட்ட வரி, மறைக்க ஏதோ இருக்கிறது என்று அறிவிப்புப் பலகை வைத்துவிடும். ஒப்புக்கொண்ட வாசகத்தில் இந்தச் சொற்கள் இருந்தால் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் "வெள்ளிக்கிழமை அவருக்கு இங்கே கடைசி நாள்" போதும், அது யாராலும் மறுக்க முடியாத உண்மை.

"நேர்மையான, எல்லோரும் நம்பக்கூடிய." வரைவிலேயே ஆபத்தான வரி இதுதான், ஏனென்றால் விசாரணை நடந்ததே அந்த நேர்மையைப் பற்றித்தான். எந்தக் குணம் கேள்விக்கு வந்ததோ அதையே பெயர் சொல்லிப் புகழ்ந்தால் புகார் சொன்னவரைப் பொய்யர் என்று சொல்வதாக ஆகிறது. இரண்டு சீட் தள்ளி இருக்கும் அந்தப் பெண் இதை அப்படித்தான் படிப்பாள், அதில் தவறும் இல்லை. நாளைக்கு இன்னொரு முறைகேட்டைப் பார்க்கிற வேறொருவர், "சொன்னால் இங்கே இதுதான் நடக்கும்" என்று வாயை மூடிக்கொள்வார்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு, நான் பட்டே தெரிந்துகொண்டது. பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஒருவர், சரக்கு இருப்புக் கணக்கு இடித்ததால் விசாரணைக்கு உள்ளாகி விலகினார். அவருடைய கார்டில் நான் "கணக்கில் கறாரானவர்" என்று எழுதினேன், மனதார எழுதியது, நான் பார்த்த வரையில் அவர் அப்படித்தான். மறுநாள் அவர் எனக்கு போன் செய்து, "நீங்களுமா சார் கிண்டல் பண்ணணும்" என்று கேட்டார். என்ன விளக்கியும் அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், எழுதியதைக் குத்தலான குரலில் ஒருதரம் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். குத்தலாகக் கேட்கிற வரி இருந்தால் எடுத்துவிடுவேன்.

"கடந்த சில மாதங்கள்… உண்மை ஒருநாள் வெளியே வரும்." முதல் பாதி, விஷயம் தெரியாதவர்களுக்கு விஷயத்தைச் சொல்கிறது. ரகசியமாக நடந்த விசாரணையை டீம் மெயிலில் போட்டு உடைப்பது அவருக்கும் நல்லதில்லை, நிறுவன விதிப்படி உங்களுக்கும் நல்லதில்லை. இரண்டாவது பாதி, விசாரணை தவறு என்று நேரடியாகவே சொல்கிறது. மேனேஜர் எழுதச் சொன்ன மெயிலில், டீமின் பெயரில், நிறுவனத்தின் நடவடிக்கை தவறு என்று எழுதினால் நிர்வாகம் உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கும். இரண்டையும் முழுசாக அடித்துவிடுங்கள்.

"எங்கே போனாலும் உங்களுக்காகச் சொல்ல நாங்கள் தயார்." இது பாசமாகத் தெரிந்தாலும் எழுத்தில் கொடுத்த வாக்குறுதி. புதிய இடத்தில் அவரைப் பற்றி விசாரிக்கும்போது அவர் உங்கள் பெயரைக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? பல நிறுவனங்கள் முன்னாள் ஊழியர் பற்றிப் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி தவிர வேறெதுவும் சொல்லக்கூடாது, அதையும் எச்.ஆர்.தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கின்றன. "பணம் கையாளும் வேலை, நம்பலாமா" என்று அவர்கள் கேட்டு, தெரிந்ததை மறைத்து நீங்கள் தலையாட்டினால், அந்தச் சொல்லை நம்பி வேலை கொடுத்தவர் நாளைக்கு உங்களைத்தான் கேட்பார். "நாங்கள் தயார்" என்று மற்றவர்களையும் இதில் மாட்டிவிட உங்களுக்கு உரிமை இல்லை.

"கதவு எப்போதும் திறந்தே இருக்கும்." அந்தக் கதவு உங்களுடையது இல்லை. இப்படி விலகியவர்களை மறுபடி எடுப்பதில்லை என்று ஃபைலில் குறித்து வைக்கிற நிறுவனங்கள் உண்டு. அவரும் அதை அறிந்திருந்தால் இந்த வரி வெறும் உபசாரமாகிவிடும், இல்லையென்றால் வீண் நம்பிக்கையாகிவிடும்.

சரி, இவ்வளவையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். அவர் செய்த வேலை மிச்சம் இருக்கிறது. குணத்தைப் புகழாமல், நீங்கள் கண்ணால் பார்த்த வேலையைச் சொல்லுங்கள். "நம்பகமானவர்" என்று எழுதினால் அது சர்ச்சை. "புதிதாக வந்த நாலு பேருக்குச் சிஸ்டத்தைக் கற்றுக்கொடுத்தார்" என்று எழுதினால் யார் மறுக்க முடியும்? பில் விஷயத்தில் அவர் தவறு செய்திருந்தாலும், செய்யாவிட்டாலும் அந்த வரி நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் இதுதான் அளவுகோல், விசாரணை முடிவு எப்படி இருந்தாலும் அது உண்மையாக இருக்க வேண்டும்.

திருத்திய டீம் மெயில்

உங்கள் கடிதத்தில் அவருடைய வேலை விவரம் இல்லை, அதனால் மாதிரிக்கு ஒன்றை வைத்து எழுதுகிறேன், நீங்கள் உண்மையான விவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"அனைவருக்கும், வரும் வெள்ளிக்கிழமை நம் டீமில் அவருக்குக் கடைசி நாள். ஆறு வருடத்துக்கு மேல் நம்மோடு வேலை செய்திருக்கிறார். பழைய ஆர்டர் சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாறிய நேரத்தில் இரவு ஷிப்டில் கூடவே இருந்து வேலையை முடித்துக் கொடுத்ததையும், புதிதாக வந்தவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததையும் நம்மில் பலர் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு நன்றி. இனி அவர் பார்த்துவந்த வேலைகளுக்கு மேனேஜரைத் தொடர்புகொள்ளுங்கள். அவருக்கு நம் வாழ்த்துகள்."

அவ்வளவுதான். இதில் "நம்மில் பலர்" என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள், "எல்லோரும்" இல்லை. விருப்பமில்லாத ஒருவரை அந்தச் சொல் விட்டுவிடுகிறது. "வருத்தத்துடன் அறிவிக்கிறோம்" இல்லை, "புதிய வாய்ப்புகளைத் தேடிப் போகிறார்" என்பதும் இல்லை, அவர் எதைத் தேடிப் போகிறார் என்று நமக்குத் தெரியாது.

நீளத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். உங்கள் டீமில் இதற்கு முன் போனவர்களுக்குப் போட்ட மெயில்களை எடுத்துப் பாருங்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு பக்கம் எழுதிவிட்டு இவருக்கு ஒரே வரி போட்டால் அந்த ஒரு வரி கத்திச் சொல்லும். ஐந்தாறு வரி என்பது வழக்கத்தை விடச் சிறியதாக இருந்தாலும் கண்ணை உறுத்தாது. அனுப்பும் இடத்தையும் பாருங்கள், டீமுக்கு மட்டும் போகட்டும். வாடிக்கையாளர்களுக்கு "இனி இன்னாரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று தனி மெயில் மேனேஜர் பெயரில் போவதுதான் முறை. முடிந்தால் எல்லோரையும் மறைநகலில் போடுங்கள், இல்லையென்றால் யாராவது ஒருவர் எல்லோருக்கும் பதில் போட்டு, "உங்களுக்கு நடந்தது அநியாயம் அண்ணா" என்று ஆரம்பிப்பார், அதற்கு இன்னொருவர் பதில் போடுவார்.

கார்டும் கையெழுத்தும்

கார்டை ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முகத்துக்கு நேரே நீட்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள், மறுக்க முடியாமல் போட்ட கையெழுத்துக்கு மதிப்பும் இல்லை. ஒரு உறையில் போட்டு, யாரும் போய் எழுதக்கூடிய ஒரு பொது இடத்தில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள், விருப்பம் உள்ளவர்கள் எழுதட்டும். அந்தப் பெண்ணிடம் மட்டும் நீங்களே போய், "கார்டு அங்கே இருக்கிறது, எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுதியவர் யார், எழுதாதவர் யார் என்று கணக்குப் பார்க்காதீர்கள், மேனேஜர் கேட்டாலும் சொல்லாதீர்கள். கொடுப்பதற்கு முன் உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பாருங்கள். பில், விமான டிக்கெட் என்று ஜோக் எழுதுகிற ஒரு புத்திசாலி எல்லா அலுவலகத்திலும் இருப்பார். அப்படி இருந்தால் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் புதுக் கார்டு வாங்குங்கள், வெள்ளை மை வைத்து அழித்தால் அது இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

உங்கள் சொந்தக் கடிதம்

இங்கேதான் உங்களுக்கு மனதில் உள்ளதைச் சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் "தனிப்பட்டது" என்ற நினைப்பில் கட்டற்று எழுதிவிடாதீர்கள். அலுவலக மெயிலில் எழுதியது நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதியது ஸ்கிரீன்ஷாட்டாக எங்கும் போகும். அவர் நாளைக்கு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டால், கூட வேலை செய்தவர்கள் எழுதியதையெல்லாம் தன் பக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது இயல்பு. நான் இருந்த ஒரு விசாரணையில், மேலதிகாரி தன் கைப்பட எழுதிய வழியனுப்புக் கடிதத்தை எதிர்த்தரப்பு எடுத்து நீட்டி, "நம்பிக்கைக்குரியவர் என்று எழுதியது நீங்கள்தானே, பிறகு எதை நம்பி நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று கேட்டது. அந்த அதிகாரிக்குப் பதில் வரவில்லை. நீங்கள் நடவடிக்கை எடுத்தவர் இல்லை, உங்கள் கடிதத்துக்கு அவ்வளவு கனம் இருக்காது. ஆனாலும் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடும் அளவுக்கு அதில் எதுவும் இருக்க வேண்டாம்.

அதனால் கையால் எழுதுங்கள், அவரைப் பற்றிய தீர்ப்பை விட்டுவிட்டு உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருந்ததை மட்டும் எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"அண்ணா, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு ரிப்போர்ட்டைத் தப்பாக அனுப்பிவிட்டு அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கூடவே இருந்து சரிசெய்து கொடுத்தீர்கள், யாரிடமும் சொல்லவும் இல்லை. அதை நான் மறக்கவில்லை. உங்கள் சீட் காலியாக இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து நானே போன் செய்கிறேன், பேச வேண்டாம் என்று தோன்றினால் எடுக்க வேண்டாம், தப்பாக நினைக்க மாட்டேன்."

இதில் "நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள்" என்றும் இல்லை, "நடந்ததை மறந்துவிடுங்கள்" என்றும் இல்லை. ஆறுதல் சொல்ல நினைப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எழுதுவார்கள். முதலாவது, ஒருவேளை அவர் செய்திருந்தால் அவரை உங்களிடம் நடிக்க வைக்கும், பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கவே தயங்குவார். இரண்டாவது, செய்யாமல் இருந்தால் அவரைச் சுடும். போன் செய்கிறேன் என்று எழுதினால் கட்டாயம் செய்யுங்கள். செய்யப்போவதில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், பெயர் கெட்டுப் போகிறவர்கள் இப்படிப்பட்ட வரிகளைத்தான் உண்மையாகவே நம்பிக் காத்திருப்பார்கள்.

விசாரணை பில் விஷயமாக இல்லாமல், ஒருவரைத் துன்புறுத்தியது, தொந்தரவு கொடுத்தது என்று இருந்திருந்தால் என் பதில் வேறு. பாதிக்கப்பட்டவர் அதே டீமில் இருக்கும்போது டீம் பெயரில் நன்றி, வாழ்த்து, கார்டு எதுவுமே கூடாது, வேலை ஒப்படைப்புத் தகவல் மட்டும் போக வேண்டும் என்று மேனேஜரிடம் மறுத்துவிடச் சொல்லியிருப்பேன். உங்கள் விஷயம் அப்படியில்லை என்பதால்தான் மெயில் போடலாம் என்கிறேன். அதையும்கூட நீங்கள் எழுதி, மேனேஜர் தன் பெயரில் அனுப்பட்டும். டீம் சார்பில் பேசும் பதவி அவருடையது. நெருக்கமானவர் என்ற காரணத்துக்காக உங்களை முன்னால் நிறுத்துவது அவருக்கு வசதி, உங்களுக்கு இல்லை. "வரைவு ரெடி சார், எச்.ஆரும் பார்த்துவிட்டார்கள், உங்கள் மெயிலிலிருந்து போனால் முறையாக இருக்கும்" என்று சொல்லுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

கடைசியாக, நாள் விஷயம். வெள்ளிக்கிழமை மாலை வரை வைத்திருக்காதீர்கள். இந்த மாதிரி விலகலில் கடைசி நாளன்று காலையிலேயே அவருடைய லாகின், அடையாள அட்டை எல்லாம் நிறுத்தப்படலாம், சில சமயம் வர வேண்டாம் என்றே முந்தைய நாள் சொல்லிவிடுவார்கள். மெயில் வியாழக்கிழமை மதியம் போகட்டும், அவரும் தன் பெட்டியில் பார்க்க முடியும். கார்டையும் உங்கள் கடிதத்தையும் அன்றே அவர் கிளம்பும்போது வாசல் வரை கூடப் போய்க் கையில் கொடுத்துவிடுங்கள், உறையை ஒட்டி.